மூன்று மணிச் சுற்று: இரவுப்பணிப் பாடலும் நடையின் கணக்கும்

முன்னுரை

ஊர் உறங்கும் வேளையில் விழித்திருந்து உழைப்பவரைப் பற்றிய பாடலொன்றைத் தமிழில் எழுத முற்படுவோர் இருவேறு இடர்களை எதிர்கொள்கின்றனர். ஒன்று பொருள் பற்றியது. உறங்கும் ஊரில் நடப்பவர் யார், எந்த நேரத்தில் நடக்கிறார் என்பது தெளிவாகாமல் பாடல் பொதுவான இரக்கமாக முடிந்துவிடுகிறது. மற்றொன்று ஓசை பற்றியது. மாணவர் அறிந்த நடைப்பாட்டுகள் யாவும் விரைந்த தாளத்தில் அமைந்தவையாதலால், அமைதியான மெல்நடை கைகூடுவதில்லை. இவ்விரண்டும் ஒரே சிக்கலின் இரு பக்கங்கள் என்பதனை, நம் வகுப்பில் ஒரு மாணவி எழுதித் திருத்திய பாடலைக் கொண்டு இக்கட்டுரை விளக்க முயல்கின்றது.

அம்மாணவி ஜொகூர் மாநிலத்தின் மாசாய்ப் பகுதியைச் சேர்ந்தவர். அவருடைய தந்தையார் பாசிர் கூடாங் தொழிற்பேட்டையில் இரவுக் காவலராகப் பணியாற்றுபவர். மாலை 7 மணிக்குத் தொடங்கும் பணி காலை 7 மணிக்கு முடியும். மகள் பள்ளிக்குச் சென்றுவந்த ஆண்டுகள் முழுதும், தந்தையும் மகளும் பெரும்பாலும் வீட்டு வாசலிலேயே சந்தித்துப் பிரிந்துள்ளனர். "இரவு என்ன நடந்தது அப்பா?" என்ற வினாவிற்கு, "ஒன்றுமில்லைம்மா" என்பதே அவர் எப்போதும் கூறிய விடை. பாடல் பயிற்சிக்கு உரிய பொருளை அவரவரே தேர்ந்துகொள்ளலாம் என நாம் கூறியபோது, அவர் இதனைத் தேர்ந்துகொண்டார்.

நடப்பவர் யார்? நேரம் யாது?

மாணவியின் முதல் வரைவில் தந்தை வேலை முடித்துப் பேருந்தில் ஏறி, உறங்கும் ஊரினூடே வீடு திரும்புவதாக எழுதப்பட்டிருந்தது. படிப்பதற்கு இனிமையாகவே இருந்தது. எனினும் உண்மைக்குப் பொருந்தவில்லை. காலை 7 மணிக்கு ஜொகூர் பாருவும் அதன் சுற்றுப்புறங்களும் உறங்குவதில்லை. சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோரின் மோட்டார் சைக்கிள்கள் 4 மணி அளவிலேயே 1924இல் திறந்துவைக்கப்பட்ட ஜொகூர்ப் பாலத்தை நோக்கிப் புறப்பட்டுவிடுகின்றன. அதனையடுத்து விடியல் தொழுகைக்கான அழைப்பொலி எழுகிறது. பள்ளிப் பேருந்துகள் ஓடத் தொடங்குகின்றன. மறுபுறம், இரவு 11 மணிக்குப் பணிமாறும் தொழிற்சாலைகளின் பேருந்துகள் நள்ளிரவு கடந்தும் ஆட்களை இறக்கிச் செல்கின்றன. ஆகவே, ஊர் உண்மையில் உறங்குவது ஏறத்தாழ 1 மணியிலிருந்து 4 மணி வரையிலான குறுகிய இடைவெளியில்தான்.

அந்த இடைவெளியில் இரவுப்பணியாளருள் பெரும்பாலோர் நடப்பதில்லை என்பதும் இங்குக் கருதத்தக்கது. தொழிற்சாலைப் பணியாளர் இயந்திரத்தின் முன் நிற்கிறார். அவர் ஊரைக் காண்பதில்லை. செவிலியர் விளக்கு எரியும் கூடத்துள் இருக்கிறார். உறங்கும் ஊரின் நடுவே காலால் நடப்பவர் காவலர் ஒருவரே எனலாம். மலாய்ச் சொல்லின் வழியே இந்நாட்டுத் தமிழர் பேச்சில் 'ஜாகா' எனப்பட்டவரும் அவரே.

"அப்பா எத்தனை மணிக்கு நடப்பார் எனக் கேட்டீர்களா?" என மாணவியிடம் வினவினோம். மறுவாரம் அவர் கொணர்ந்த விடை பாடலையே மாற்றியமைத்தது. "மூன்று மணிச் சுற்றுதான் ஐயா மிக அமைதியானது என்று அப்பா சொன்னார். அப்போதுதான் தம் செருப்புச் சத்தம் தமக்கே கேட்கும் என்றார்." காவலர் தாம் காக்கும் இடத்தை இரவில் குறித்த நேரங்களில் சுற்றிவர வேண்டும். சுற்றுவழியில் ஆங்காங்கே சுவரில் சிறு பொத்தான்கள் பொருத்தப்பட்டிருக்கும். கையிலுள்ள கருவியால் ஒவ்வொன்றையும் தொட்டால் அவர் அவ்விடத்திற்கு வந்த நேரம் பதிவாகும். ஒன்றைத் தொடாது விட்டாலும் காலையில் விளக்கம் கூற வேண்டிவரும். எனவே அவர் நடை உலாவும் அன்று, ஓட்டமும் அன்று. ஒரே அளவாக நடந்து, நின்று, தொட்டு, மீண்டும் நடக்கும் நடை. பாடலின் அமைப்பு இச்செய்தியிலேயே அடங்கியுள்ளது.

பழம்பாடல்களில் இரவுப்பணி

இப்பொருள் தமிழுக்குப் புதிதன்று. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி 782 அடிகளில் மதுரை நகரின் ஒரு பகலையும் ஓர் இரவையும் தொடர்ந்து காட்டுகிறது. இரவு யாமம் யாமமாகப் பகுக்கப்பட்டு, கடைகள் அடைபடுவதும், மக்கள் உறங்குவதும், கள்வர் வெளிப்படுவதும், அவர்களைத் தேடி ஊர்க்காவலர் வில்லும் அம்புமாகத் தெருக்களில் திரிவதும் முறையே சொல்லப்படுகின்றன. மழை பெய்து நீர் ஓடும் தெருவிலும் அக்காவலர் தம் கடமையினின்றும் வழுவாது செல்வர் எனப் புலவர் சிறப்பிக்கிறார். அவர்கள் நடக்கும் நேரத்தையும் இடத்தையும் அவர் திட்டமாகக் கூறியிருப்பதே அப்பகுதிக்கு உயிர் தருகிறது.

குறுந்தொகையின் 375ஆம் பாடல் நமக்கு இன்னும் நெருக்கமானது. மலைச்சாரலில் இரவில் தினை அறுப்போர் கொட்டும் தொண்டகச் சிறுபறை நள்ளிரவிலும் ஒலித்துக்கொண்டிருப்பதையும், அதனால் காவலர் அயராதிருப்பதையும் அப்பாடல் கூறுகிறது. தலைவன் இன்றிரவு வாராதிருத்தல் நன்று என்னும் தோழி கூற்றிற்கு இது காரணமாக அமைகிறது. இரவுவேலை, அவ்வேலைக்கு ஒரு தாளம், அத்தாளத்தால் விழித்திருக்கும் காவல் ஆகிய மூன்றும் ஒருங்கே வருவதை ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துக்காட்டலாம். உழைப்பவருக்கு உரியது பறையின் தாளம். இன்றைய காவலருக்குப் பறை இல்லை. அவருக்குரிய ஒரே தாளம் தம் காலடியே.

இந்நாட்டுத் தோட்டப்புற வாழ்விலும் இருளில் நடந்த நடை உண்டு. இரப்பர் மரத்தின் பால்நாளங்களில் அழுத்தம் மிகுந்திருப்பது, இலைகள் நீரை வெளியிடத் தொடங்குமுன் உள்ள விடியற்பொழுதில்தான். வெயில் ஏற ஏறப் பால் குறைந்துவிடும். அதனாலேயே பால்மரம் வெட்டுவோர் இருட்டிலேயே எழுந்து, விளக்குடன் நிரைகளினூடே நடந்தனர். மாணவியின் பாட்டியார் அவ்வாறு நடந்தவர். ஆயினும் அந்நடைக்கு முன்னும் பின்னும் ஆட்கள் இருந்தனர். தொழிற்பேட்டையில் நடப்பவர் தனியர். இவ்வேறுபாடு பாடலில் யாரை விளிப்பது என்னும் வினாவைத் தோற்றுவிக்கிறது. இதற்குப் பின்னர் வருவோம்.

முதல் வரைவு: கும்மியின் வேகம்

மாணவியின் முதல் வரைவில் ஓரடி பின்வருமாறு அமைந்திருந்தது.

வேலைமு / டித்தொரு / பேருந்தில் / ஏறியே
வீட்டுக்கு / வந்திடும் / வேளையி / லே . .

இதனை ஆராயுமுன் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. சிந்து முதலிய இசைப்பாடல்களில் 'அசை' என்பது யாப்பிலக்கணத்தில் நாம் கற்பிக்கும் நேரசை, நிரையசை அன்று. உயிரெழுத்தோ உயிர்மெய்யெழுத்தோ ஒவ்வொன்றும், குறிலாயினும் நெடிலாயினும், ஓர் அசையாகக் கொள்ளப்படும். ஒற்றுகள் எண்ணப்படுவதில்லை. ஒரு சீருக்கு மூன்று அசையிடம் இருப்பின் மும்மை நடை. நான்கு இருப்பின் நான்மை நடை. எழுத்து இல்லாத அசையிடத்தை முன்னுள்ள அசையை நீட்டி நிரப்புவது அசைநீட்டம். அதனைப் புள்ளியால் குறிக்கிறோம். இம்முறையைப் புதுவை இரா. திருமுருகன் தம் 'சிந்துப் பாவியல்' நூலில் இலக்கணமாக வகுத்துத் தந்துள்ளார். மரபு யாப்பையும் இதனையும் ஒரே பாடவேளையில் கற்பித்தால் மாணவர் குழம்புவர் என்பது நம் பட்டறிவு.

மேற்காட்டிய அடி மும்மை நடையினது. எட்டுச் சீர்களில் 24 அசையிடங்கள் உள்ளன. அவற்றுள் 22 எழுத்துகளால் நிரம்பியுள்ளன. இறுதியில் மட்டுமே இரண்டு இடங்கள் நீட்டமாக உள்ளன. யாப்பு வழுவற்றது; மோனையும் குறைவற்றது. ஆனால் வகுப்பில் பாடியபோது மாணவர்கள் தம்மையறியாமலே கைதட்டத் தொடங்கினர். கும்மிக்கு உரிய நடை அது. நிமிடத்திற்கு 120 தட்டு அளவில் ஓரடி 4 விநாடியில் முடிந்துவிடுகிறது. களைத்த மனிதர் ஒருவர் நடக்கிறார் எனச் சொற்கள் கூற, பலர் கூடி ஆடுகின்றனர் எனத் தாளம் கூறியது.

மாணவர் இவ்வேகத்தைத் தேர்வதற்குக் காரணம் உண்டு. அவர்கள் அறிந்த நடைப்பாட்டு காவடிச் சிந்து. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் 19ஆம் நூற்றாண்டில் கழுகுமலை முருகன்மீது பாடிய காவடிச் சிந்து, காவடி சுமந்து ஆடிச் செல்வோருக்கு ஏற்ற துள்ளலை உடையது. தைப்பூச நாளில் நம் ஊர்களில் கேட்கும் பாடல்களும் அவ்வகையினவே. அங்கே நடை என்பது ஆட்டம். உடன் வருவோர் பலர். நாம் நாடும் நடை அதுவன்று.

காலடியை அளவாகக் கொள்ளல்

திருத்தத்தைச் சொல்லிலிருந்து தொடங்காமல் காலிலிருந்து தொடங்குமாறு கூறினோம். மாணவி விடுமுறையில் வீட்டிற்குச் சென்றபோது, சுற்றில் நடப்பதுபோல் நடந்துகாட்டுமாறு தந்தையை வேண்டி, ஒரு நிமிடத்திற்கு எத்தனை அடிகள் என எண்ணிவந்தார். 72 என்பது அவர் கொணர்ந்த கணக்கு. ஒரு காலடிக்கு ஒரு சீர் எனக் கொண்டால், எட்டுச் சீர் கொண்ட ஓரடி எட்டுக் காலடிக்கு ஏழு விநாடிக்குச் சற்றுக் குறைவாக நீளும்.

இனி, நடை மும்மையா நான்மையா என்பதனை முடிவுசெய்ய வேண்டும். மும்மை நடையை மெதுவாக்கினால் அது ஊஞ்சலின் அசைவைப் பெற்றுத் தாலாட்டாகிவிடுகிறது. இடக்கால், வலக்கால் என இரண்டிரண்டாகப் பகுபடும் நடைக்கு நான்மையே இயல்பாகப் பொருந்துகிறது. எனவே ஒரு காலடிக்கு நான்கு அசையிடம், ஓரடிக்கு 32.

இங்கே ஒரு பிழை நேர்வது வழக்கம். 32 இடங்களையும் எழுத்தால் நிரப்பினால் விநாடிக்கு ஏறத்தாழ ஐந்து அசைகள் வருகின்றன. அது பேச்சின் வேகம். தாளம் மெதுவாயிருந்தும் பாடல் பரபரப்பாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். மெல்நடை என்பது தாளத்தின் வேகத்தால் மட்டும் அமைவதன்று. தாளத்தின் மேல் ஏற்றும் எழுத்துகளின் எண்ணிக்கையாலும் அமைவது. ஆகவே பாதிக்கும் குறைவான இடங்களையே எழுத்தால் நிரப்புமாறு வரையறை செய்தோம். மாணவியின் இரண்டாம் வரைவு இது.

விளக்கு . / நிற்கும் . . / தெருவில் . / . . . .
என்கால் . . / மட்டும் . . / நடக்கும் . / . . . .
தளர்ந்து . / தூங்கும் . . / ஊரே . . / . . . .
என்கண் . . / மட்டும் . . / விழிக்கும் . / . . . .

முதலிரு வரிகள் சேர்ந்து ஓரடி. பின்னிரு வரிகள் சேர்ந்து மற்றோரடி. முதலடியில் 15 அசைகள், இரண்டாமடியில் 14. எஞ்சியவை நீட்டமும் அமைதியும். விநாடிக்கு இரண்டு அசை அளவாகச் சொற்கள் வருகின்றன. மேசையைத் தட்டாமல், வகுப்பறையில் நடந்துகொண்டே பாடச் செய்தபோது, சொல்லும் காலும் ஒன்றையொன்று முந்தாமல் சென்றன.

இவ்வோசையை நம் யாப்பு மரபு அறியாததன்று. வஞ்சிப்பாவுக்கு உரியது தூங்கல் ஓசை. 'தூங்கு' என்னும் வினைக்குத் தொங்குதல், அசைதல், மெல்லச் செல்லுதல், உறங்குதல் ஆகிய பொருள்கள் உண்டு. மெல்நடையையும் உறக்கத்தையும் ஒரே சொல்லால் குறிக்கும் மொழி நம்முடையது. மதுரைக்காஞ்சியும் வஞ்சியடிகள் விரவிவந்த பாட்டு என்பது நினைவுகூரத்தக்கது. எனினும் மாணவியின் அடிகளை வஞ்சிப்பா எனல் தவறு. வஞ்சிக்குரிய சீர் வேறு, தளை வேறு. உறவு ஓசையளவில் மட்டுமே.

தனிச்சொல்லின் இடம்

மேற்காட்டிய நான்கு வரிகளிலும் நான்காம் சீர் வெறுமையாக இருத்தலைக் காண்க. இதுவே பாடலின் நடுவிடம் என்பது நம் கருத்து. சிந்துப் பாடல்களில் முதல் அரையடியின் இறுதியில், நான்காம் சீரில், தனிச்சொல் வருவது பெருவழக்கு. அது முன்பாதியையும் பின்பாதியையும் இணைக்கும், கேட்போரை விளிக்கும், பலர் பாடும்போது எல்லாரும் சேர்ந்துகொள்ளும் இடமாகவும் அமையும். மாணவியும் முதலில் அவ்விடத்தில் 'தோழி' எனவும், பின்னர் 'அம்மா' எனவும் எழுதிப் பார்த்தார்.

வழிநடைச் சிந்து என்னும் வகையில் அவ்வாறு விளிப்பது முற்றும் பொருத்தமே. அங்கே பாடுபவர் உடன்வரும் துணைக்கு வழியிலுள்ள காட்சிகளைச் சுட்டிக்காட்டிச் செல்வார். கேட்பவர் உண்டு, எனவே விளியும் உண்டு. மூன்று மணிச் சுற்றில் உடன்வருவார் இல்லை. 'தோழி' என்ற சொல் வந்தவுடன் தெருவில் இன்னொருவர் தோன்றிவிடுகிறார், தனிமை கெடுகிறது. அவ்விடத்தைச் சொல்லின்றி விட்டபோது தாளம் நிற்கவில்லை. கால் மட்டும் தொடர்ந்தது. தனிச்சொல் இருக்க வேண்டிய இடத்தில் காலடி ஒலித்தது. தம் செருப்புச் சத்தம் தமக்கே கேட்கும் எனத் தந்தையார் கூறிய செய்தியைச் சொல்லால் விவரிக்காமலே பாடல் கேட்கச் செய்துவிட்டது.

விளி முற்றிலும் நீங்கிவிடவில்லை என்பதும் நோக்கத்தக்கது. மூன்றாம் வரியில் 'ஊரே' என வருகிறது. துணையை விளிக்க வேண்டிய இடத்திலன்றி அடியின் உள்ளே, கேளாது உறங்கும் ஊரை நோக்கி அது கூறப்படுகிறது. வழிநடைச் சிந்தில் கேட்பவர் நடந்து வருகிறார். இங்கே கேட்க வேண்டியவர் உறங்குகிறார்.

ஆசிரியர்கள் ஓர் எச்சரிக்கையை மனத்திற்கொள்ள வேண்டும். வெற்றிடத்தைப் பாடுவோர் எளிதில் சுருக்கிவிடுவர். நான்காம் காலடி முழுமையாக விழும்வரை காத்திராமல் அடுத்த வரியைத் தொடங்கிவிட்டால், எட்டுக் காலடி ஏழாகும். அடுத்த அடியில் இடக்கால் விழவேண்டிய இடத்தில் வலக்கால் விழும். நடந்துகொண்டே பாடும்போது இப்பிழை உடனே புலப்படும். அமர்ந்து பாடினால் புலப்படாது.

நீட்டம் விழும் எழுத்து

இரண்டாம் வரைவிலும் இரு குறைகள் இருந்தன. 'விளக்கு' என்னும் சீரில் நான்காம் அசையிடம் நீட்டம். அதனை நிரப்பப் பாடுவோர் ஈற்றுக் 'கு'வை நீட்டி 'விளக்கூ' எனப் பாடினர். 'தளர்ந்து' என்பதும் அவ்வாறே 'தளர்ந்தூ' ஆயிற்று. ஈற்றிலுள்ளது குற்றியலுகரம். தன் ஒரு மாத்திரையிலிருந்தும் குறைந்தொலிக்க வேண்டிய எழுத்தை இரண்டு இடங்களுக்கு நீட்டினால் சொல் சிதைகிறது. அதற்கு முன்னுள்ள அசையில் நிற்கலாமெனின், 'ளக்' என்பது வல்லின ஒற்றில் முடிவதால் மூச்சு அங்கே அடைபட்டுவிடுகிறது. குரல் நிற்க இடமில்லை.

விரைந்த பாடலில் இக்குறை தெரியாது. நீட்டமே இல்லாததால் குற்றியலுகரம் தன் இயல்பில் கடந்துவிடும். மெல்நடைப் பாடலிலோ ஒவ்வொரு சீரும் ஏதோ ஓர் எழுத்தில் நின்று செல்ல வேண்டும். ஆகவே நிற்கும் அசை நெடிலாகவோ, மெல்லினத்திலோ இடையினத்திலோ முடிவதாகவோ இருத்தல் நலம் என மாணவர்க்கு விதியொன்று கூறினோம். இவ்விதியைக் கொண்டு அவ்விரு சொற்களும் மாற்றப்பட்டன.

வெளிச்சம் . / நிற்கும் . . / தெருவில் . / . . . .
என்கால் . . / மட்டும் . . / நடக்கும் . / . . . .
குளிரில் . / தூங்கும் . . / ஊரே . . / . . . .
என்கண் . . / மட்டும் . . / விழிக்கும் . / . . . .

இப்போது நீட்டம் பெறும் அசைகள் சம், கும், வில், கால், டும், கும், ரில், கும், ரே, கண், டும், கும் எனப் பன்னிரண்டு. ஒன்றேனும் வல்லினத்தில் அடைபடவில்லை. அவற்றுள் பல மகர ஒற்றில் முடிவதால், இதழ் மூடிய மெல்லிய முனகலாகக் குரல் தேய்ந்து அமைதியில் கலக்கிறது. எதுகையும் கெடவில்லை, 'வெளி', 'குளி' எனப் பொருந்துகிறது.

'குளிரில்' என்ற சொல் ஜொகூருக்குப் பொருந்துமா என வகுப்பில் ஒருவர் ஐயுற்றார். மாணவி கூறிய விடை ஏற்கத்தக்கது. தந்தையார் செல்லும் வழியில் வீடுகளின் குளிர்சாதனப் பெட்டிகள் ஒலித்துக்கொண்டிருக்கும். அவற்றிலிருந்து வடியும் நீர் நடைபாதையை நனைத்திருக்கும். குளிர் உள்ளே உறங்குவோருக்கு. வெளியே நடப்பவருக்கு அன்று. எதுகை நோக்கித் தேடிய சொல் பொருளிலும் ஓர் அடுக்கைச் சேர்த்துவிட்டது.

நின்று செல்லும் இடம்

பாடலைத் தந்தையாருக்குப் பாடிக்காட்டிய மாணவி ஒரு குறிப்புடன் திரும்பினார். "அப்பா நன்றாக இருக்கிறது என்றார் ஐயா. ஆனால், 'நான் இப்படி விடாமல் நடப்பதில்லையே, பொத்தானுக்குப் பொத்தான் நிற்பேனே' என்றார்." பாடலில் பல்லவி இல்லாதிருந்த குறையை, யாப்பறியாத அவரே கண்டு கூறிவிட்டார் எனலாம். காவலர் நிற்கும் இடமே பாடல் திரும்பிவரும் இடமாதல் வேண்டும்.

பல்லவிக்கு மாணவி தேர்ந்த சொல், சிறுவயது முதல் வாசலில் தாம் கேட்ட விடை.

ஒன்றுமில்லை ஒன்றுமில்லை
ஊரே நீ கண்வளர்வாய்

இவ்வரிகளுக்குக் காலடி இல்லை. நிற்பவருக்கு நடைத்தாளம் ஏது? எனவே விருத்தம் பாடுவது போலத் தாளக் கட்டின்றிப் பாடி, 'வாய்' என்னும் நெடிலில் நின்று, மீண்டும் காலடியைத் தொடங்குமாறு அமைத்தோம். 'கண்வளர்தல்' தாலாட்டிற்குரிய சொல். தாலாட்டில் விழித்திருக்கும் தாய் அருகிலுள்ள குழந்தையை உறங்கச் செய்கிறாள். இங்கே விழித்திருப்பவர் தம்மை அறியாத ஊரை உறங்கச் சொல்கிறார். பாடல் முழுவதையும் தாலாட்டுக்குப் பெயர்பெற்ற நீலாம்பரியில் அமைக்க மாணவி விரும்பினார். நடப்பவர் விழித்திருக்க வேண்டியவர் என்பதால், அவ்விராகத்தைப் பல்லவிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுமாறு கூறினோம்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், இரவுப்பணிப் பாடலின் அமைதி சோகச் சொற்களால் வருவதன்று என்பது பெறப்படும். நேரத்தையும் நடப்பவரையும் திட்டமாக அறிதல், காலடியை எண்ணித் தாளத்தை அமைத்தல், அசையிடங்களில் பாதிக்கும் குறைவாகவே எழுத்தை ஏற்றுதல், தனிச்சொல்லின் இடத்தைக் காலடிக்கு விடுதல், நீட்டம் நிற்கத்தக்க எழுத்தில் விழச்செய்தல், நிற்கும் இடத்தில் பல்லவியை வைத்தல் ஆகியவை அதனைத் தருகின்றன.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. ஆயத்தமான மெட்டுக்குச் சொல் எழுதும்போது காலடிக் கணக்கு உதவாது; மெட்டே அசையிடங்களை முடிவுசெய்துவிடும். நடக்காத இரவுப்பணியாளரைப் பற்றிய பாடலுக்கும் இது பொருந்தாது. இயந்திரத்தின் முன் நிற்பவருக்கு அவ்வியந்திரத்தின் ஓட்டமே தாளம். அதன் கணக்கைத் தனியே எண்ண வேண்டும்.

பள்ளியில் இதனைக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர், இரவுப்பணிக்குச் செல்லும் பெற்றோரைக் கொண்ட மாணவர் வகுப்பில் இருப்பின், கேட்டுவருவதற்கு இரு வினாக்களை முதலில் கொடுக்கலாம். எந்த நேரத்தில் நடப்பீர்கள்? எங்கெங்கே நிற்பீர்கள்? 'ஒன்றுமில்லை' என்ற விடைக்கு அப்பால் செல்ல நம் மாணவிக்கு அவ்விரு வினாக்களே போதுமானவையாக இருந்தன.